நடுவில் இரண்டு மாதம் இல்லாத பேங்க் ஸ்டேட்மென்ட்: செலவைப் பிரித்த அனுபவங்களைச் சொல்லுங்கள்

தேன்மொழி:
2024 ஏப்ரலில் இருந்து 2025 மார்ச் வரை வீட்டுச் செலவு மாதாமாதம் எதெதற்குப் போயிருக்கிறது என்று பிரித்துப் பார்க்க உட்கார்ந்தோம். சம்பளக் கணக்கு வீட்டுக்காரருடையது, அவர் எப்போதோ இறக்கி வைத்திருந்த பிடிஎஃப்களை ஒன்றாகச் சேர்த்து ஒரே ஃபைலாகக் கொடுத்தார். எக்செலில் `Data > Get Data > From File > From PDF` வழியாக ஏற்றினேன். வாடகை, மளிகை, பள்ளி, பெட்ரோல், மருந்து என்று ஒவ்வொரு வரிக்கும் ஒரு வகை போட்டுக்கொண்டு வந்தால் ஜூன் 30க்கு அடுத்த வரி செப்டம்பர் 1 என்று நிற்கிறது. அந்த வங்கியின் ஆப்பில் அவ்வளவு பழையது இப்போது இறங்க மறுக்கிறது, கிளைக்குப் போக அவருக்கு லீவு இல்லை. இதே மாதிரி ஓட்டையோடு கணக்குப் போட்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

கார்த்தி:
நான் போட்டிருக்கிறேன். ரொம்ப யோசிக்க வேண்டாம். ஜூனையும் செப்டம்பரையும் கூட்டி இரண்டால் வகுத்து ஜூலை, ஆகஸ்டில் போட்டுவிடுங்கள். வீட்டுச் செலவு மாதத்துக்கு மாதம் என்ன பெரிதாக மாறிவிடப் போகிறது?

தேன்மொழி:
மளிகைக்குச் சரி. ஆனால் பள்ளிக் கட்டணம் ஜூனிலும் இல்லை, செப்டம்பரிலும் இல்லை. கட்டியது உறுதி. அப்படியானால் அது அந்த ஓட்டைக்குள்தான் இருக்கிறது, சராசரி போட்டால் அது காணாமலே போய்விடுமே.

பாஸ்கரன் (வங்கிப் பணியில் இருந்து ஓய்வு):
அம்மா, வகை போடுவதை நிறுத்திவிட்டு முதலில் இருப்புக் கலத்தைப் பாருங்கள். ஸ்டேட்மென்ட்டில் பொய் சொல்லாத இடம் அதுதான். முந்தைய வரியின் இருப்பில் பற்றைக் கழித்து வரவைக் கூட்டினால் இந்த வரியின் இருப்பு வர வேண்டும். C பற்று, D வரவு, E இருப்பு என்று வைத்துக்கொண்டால் மூன்றாவது வரியில் இதைப் போட்டுக் கீழே இழுத்துவிடுங்கள்:

```
=ROUND(E2-C3+D3-E3,2)
```

எல்லா வரியிலும் 0 வர வேண்டும். வராத இடத்தில் வரி விடுபட்டிருக்கிறது. மாதம் முழுதாகப் போனால் கண்ணுக்கே தெரியும், ஒரு பக்கம் மட்டும் விழுந்திருந்தால் இது இல்லாமல் தெரியாது. இருப்புக்குப் பின்னால் Cr என்று ஒட்டியிருந்தால் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் எக்செல் அதை எண்ணாகவே பார்க்காது. சில வங்கிகள் புதிய தேதியை மேலே வைத்துத் தரும், அப்படி இருந்தால் வரிசையைத் திருப்பிக்கொண்டு போடுங்கள்.

செல்வி:
எனக்கும் இதே பிரச்சினைதான், பிடிஎஃப் பாஸ்வேர்டு கேட்கிறது, பிறந்த தேதி போட்டாலும் திறக்கவில்லை.

பாஸ்கரன்:
அது வேறு விஷயம் அம்மா. ஸ்டேட்மென்ட் வந்த மின்னஞ்சலிலேயே பாஸ்வேர்டு எப்படி அமைந்திருக்கும் என்று எழுதியிருப்பார்கள், ஒவ்வொரு வங்கிக்கும் ஒரு மாதிரி.

தேன்மொழி:
சார், போட்டுப் பார்த்தேன். எல்லாம் 0, செப்டம்பர் முதல் வரியில் மட்டும் 16400 காட்டுகிறது. ஜூன் கடைசி வரியில் இருப்பு 48,210. செப்டம்பர் 1இல் சம்பளம் 42,000 ஏறி 73,810.

பாஸ்கரன்:
அப்படியானால் சம்பளம் ஏறுவதற்கு முன் 31,810 இருந்திருக்கிறது. ஓட்டைக்குள் நுழையும்போது 48,210, வெளியே வரும்போது 31,810, வித்தியாசம் அந்த 16,400. உள்ளே ஜூலை 1, ஆகஸ்ட் 1 என்று இரண்டு சம்பளம், 84,000. ஆக வெளியே போனது 1,00,400. வேறு யாராவது பணம் அனுப்பியிருந்தால் அதுவும் செலவாகியிருக்கும், எனவே இது குறைந்தபட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, ஜூன் பிடிஎஃப்பின் தலைப்பில் எந்தத் தேதி வரைக்கும் என்று அச்சிட்டிருப்பார்கள், அதைப் பாருங்கள். கடைசி வரி ஜூன் 27, தலைப்பிலும் 27 என்றால் ஜூனே முழு மாதம் இல்லை.

அடுத்ததாக, உங்கள் வீட்டுக்காரர் போனில் வங்கி எஸ்எம்எஸ் பழையது கிடக்கிறதா என்று தேடுங்கள். இருப்புத் தொகை உள்ள ஒரே ஒரு எஸ்எம்எஸ் ஜூலை கடைசியில் கிடைத்தாலும் போதும், ஓட்டை இரண்டாகப் பிரிந்துவிடும்.

ரஃபீக்:
இடையில் ஒன்று சொல்கிறேன். என் மச்சான் ஃபைலிலும் பாதி வருடம் காணோம் என்று வந்தார், பார்த்தால் ஒரு வரியும் காணாமல் போகவில்லை. அவர் லேப்டாப்பில் அமெரிக்கத் தேதி அமைப்பு, 05/07/2024 மே 7 ஆகிவிட்டது, 25/07/2024 தேதியாகவே ஏறாமல் வெறும் எழுத்தாக நின்றுவிட்டது. பிவட் டேபிள் போட்டால் 12ஆம் தேதிக்கு மேல் உள்ளது எதுவும் மாதத்துக்குள் வராது, மீதி மாதம் மாறிக் கிடக்கும். பாஸ்கரன் சார் சொன்ன கணக்குப் போட்டால் எல்லாம் 0தான் வரும். இருப்பு சரி, மாதம் மட்டும் இல்லை என்றால் பிடிஎஃப்பைத் திட்டாமல் தேதிக் கலத்தைப் பாருங்கள், இடப்பக்கம் ஒட்டி நிற்கும் தேதிகள் எல்லாம் எழுத்துகள். தேதிக் கலத்தை எழுத்தாகவே மறுபடி ஏற்றி, `Text to Columns` மூன்றாவது படியில் `DMY` கொடுத்தால் சரியாகும். மாறிப்போன பிறகு அதே ஷீட்டில் திருத்தப் பார்த்தால் விடியாது.

தேன்மொழி:
எனக்குத் தேதி சரியாகத்தான் இருக்கிறது. ஜூன் தலைப்பிலும் 30 வரை என்று உள்ளது. எஸ்எம்எஸ் கிடைத்துவிட்டது! ஜூலை 31 இரவு கேஸ் சிலிண்டருக்குக் கட்டியதற்கு வந்தது, இருப்பு 22,610. அப்படியானால் ஜூலையில் போனது 48,210 + 42,000 − 22,610, அதாவது 67,600. ஆகஸ்டில் 32,800. பள்ளிக் கட்டணம் ஜூலைதான், ரசீதும் அலமாரியில் இருந்தது, 27,500.

வாடகை 14,000, வண்டிக் கடன் 5,250, இரண்டும் மாறாதவை, இரண்டு மாதத்திலும் எழுதிவிட்டேன். யூபிஐ ஆப்பில் பழைய பட்டியல் இருக்கிறது, அதில் அந்த ஆப் வழியாகப் போனது மட்டும்தான் வருகிறது, வீட்டுக்காரர் இரண்டு ஆப் வைத்திருப்பதால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்.

கார்த்தி:
நான் சொன்ன சராசரியில் ஜூலை என்ன வந்திருக்கும்?

தேன்மொழி:
39,000 சொச்சம். பாதிக்குக் கொஞ்சம் மேல்.

கார்த்தி:
சரி, மொத்தத்துக்கு உதவாது. ஆனால் மளிகை, பெட்ரோலுக்கு இன்னும் அதுதான் வழி, நீங்கள் வேறு எப்படிப் போடுவீர்கள்?

பாஸ்கரன்:
போட வேண்டாம் என்பேன். தெரிந்ததை வகையில் எழுதுங்கள், மீதியை 'தெரியாதது' என்று தனி வகையாகவே விடுங்கள். மளிகையின் மாதச் சராசரி வேண்டுமானால் இருக்கிற பத்து மாதத்தைக் கூட்டிப் பத்தால் வகுங்கள், பன்னிரண்டால் வேண்டாம். அப்புறம் போனதெல்லாம் செலவு என்றும் எண்ணிவிடாதீர்கள். ஆர்டிக்குப் போனது, சொந்தக் கணக்குக்கு மாற்றியது எல்லாம் அந்த 67,600க்குள் ஒளிந்திருக்கலாம்.

கார்த்தி:
தெரியாதது என்று 20,000 நிற்கிற தாளை வைத்துக்கொண்டு வீட்டில் என்ன பேசுவது சார்? நான் மதிப்பீடு என்று வேறு நிறத்தில் காட்டியாவது மளிகையை நிரப்பிவிடுவேன்.

தேன்மொழி:
ஜூலையில் தெரியாதது 20,850 நிற்கிறது, ஆகஸ்டில் 13,550. இரண்டாவது ஆப்பைப் பார்த்தால் குறையும். ஏடிஎம்மில் எடுத்த பணத்துக்குத்தான் எனக்கு இன்னும் வழி தெரியவில்லை, அது ஸ்டேட்மென்ட் முழுதாக இருக்கிற மாதங்களிலும் இதே கதைதான். அதை யாராவது பிரித்திருந்தால் எழுதுங்கள்.