பார்ட்னருக்கு லெட்டர் ஆஃப் இன்டென்ட்: இந்த வரி கட்டிப்போடுமா? அவசரம்

சமையல்கட்டு77: நாளைக்கு மதியம் கையெழுத்து. அவர் அனுப்பின வரி: “இரு தரப்பும் செனோக்கோ கிச்சனைச் சேர்ந்து நடத்தவும், லாபத்தை 60:40 எனப் பிரித்துக்கொள்ளவும் ஒப்புக்கொள்கின்றன.” போடலாமா?

தேக்கா_ரவி: இன்டென்ட் லெட்டர்தானே? கோர்ட்ல நிக்காது. போட்டுட்டு வாங்க.

மலர்விழி: அவசரப்படாதீங்க. ரெண்டு பேரும் கம்பெனியா, தனி ஆளா? காசு கைமாறியாச்சா? வேலை தொடங்கியாச்சா?

ஜூரோங்_பாபு: ஆஃபர் லெட்டர்னா முதல்ல சம்பளத்தைப் பாருங்க.

மலர்விழி: பாபு, இது வேலைக் கடிதம் இல்ல.

சமையல்கட்டு77: ரெண்டு பேரும் சோல் புரொப்ரைட்டர். நாளைக்கே 20,000 வெள்ளி டெபாசிட் கேக்கிறார். அடுப்பு என் பேர்ல ஆர்டர் பண்ணியாச்சு.

பழைய_பேனா: இதை முதல்லயே சொல்லக் கூடாதா? தலைப்புல என்ன போட்டாலும் கோர்ட் உள்ளே இருக்கிற வார்த்தையையும் நீங்க நடந்துக்கிட்ட விதத்தையும்தான் பார்க்கும். “ஒப்புக்கொள்கின்றன”னு எழுதிட்டு எண்ணம்தான்னு சொன்னா எடுபடுமா? இப்படி மாத்துங்க: “60:40 அடிப்படையில் லாபப் பங்கீடு பற்றிப் பேச இரு தரப்பும் எண்ணியுள்ளன, முழு ஒப்பந்தம் கையெழுத்தாகும்வரை இந்தப் பத்தி யாரையும் கட்டுப்படுத்தாது.” மேலே ‘சப்ஜெக்ட் டு கான்ட்ராக்ட்’னு போடுங்க. ரகசியம், செலவு, டெபாசிட் பத்திகள் மட்டும் கட்டுப்படுத்தும்னு பேர் சொல்லி எழுதுங்க.

மலர்விழி: அதோட நிக்காது. சேர்ந்து ஆர்டர் எடுத்து லாபம் பிரிக்க ஆரம்பிச்சா, எழுத்தே இல்லாட்டியும் பார்ட்னர்ஷிப் சட்டப்படி கூட்டாளிகள்னு ஆயிடலாம். அப்புறம் கிச்சனுக்காக அவர் கடனா வாங்கின அரிசிக்குக் காசு கேட்டு உங்க கதவையும் தட்டுவாங்க. ஒப்பந்தம் வரும்வரை சேர்ந்து பில் போடாதீங்க. டெபாசிட்டை அவர் கையில கொடுக்காம வக்கீலோட கிளையன்ட் கணக்குல போடுங்க. குறிச்ச தேதிக்குள்ள ஒப்பந்தம் வராட்டி 14 நாளில் முழுசா திரும்பணும்னு எழுதுங்க. அடுப்புச் செலவை எப்படிப் பிரிக்கிறதுன்னு எழுதாட்டி அது உங்க தலையிலதான்.

தேக்கா_ரவி: ‘நல்லெண்ணத்தோட பேசுவோம்’னு ஒரு வரி சேர்த்தா போதுமே?

பழைய_பேனா: 1992-ல வால்ஃபோர்ட் வழக்குல இங்கிலாந்து பிரபுக்கள் சபை அதைத் தூக்கி எறிஞ்சது. படிச்சுட்டுப் பேசுங்க.

மலர்விழி: இங்கிலாந்து சரி, பேனா சார். 2012-ல தோஷின் வழக்குல நம்ம சிங்கப்பூர் மேல்முறையீட்டு நீதிமன்றம் அப்படி வெளிப்படையா எழுதின பத்தியை ஏத்துக்கிச்சே?

பழைய_பேனா: அது ஏற்கெனவே இருந்த குத்தகையில வாடகையைத் திருத்தற பத்தி. ஒப்பந்தமே இல்லாத இடத்துக்குப் பொருந்தாது.

மலர்விழி: பொருந்தாதுன்னு அந்தத் தீர்ப்பும் சொல்லலயே.

தேக்கா_ரவி: எம்ஓயுன்னு பேர் மாத்தினா?

பழைய_பேனா: மேலே எழுதினதை மறுபடி படிங்க.

சமையல்கட்டு77: வரியை மாத்தி அனுப்பிட்டேன், ஒத்துக்கிட்டார். டெபாசிட் பத்திக்கு இன்னும் பதில் இல்ல. அடுப்புக்காரர்கிட்ட பேசிட்டு வர்றேன்.