ரேண்டம் பிவட் போட்டும் குயிக்செலக்ட் நகரவில்லை, ஹீப்பே போதுமா?

கயல்: 2,00,000 மதிப்பெண்களில் 10-வது பெரியதை எடுக்க குயிக்செலக்ட் எழுதினேன். எல்லாமே 0 முதல் 100 வரை. பிவட்டை ரேண்டமாகத்தான் எடுக்கிறேன், ஆனாலும் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஹீப்பில் உடனே விடை வந்துவிடுகிறது. எங்கே தவறு? பிரிக்கும் இடம் இது:

```python
for j in range(lo, hi):
    if a[j] < a[hi]:
        a[i], a[j] = a[j], a[i]
        i += 1
a[i], a[hi] = a[hi], a[i]
```

மாறன்: குயிக்செலக்ட்டை விட்டுவிடுங்கள். `heapq.nlargest(10, a)[-1]` போதும். 10 எண்கள் மட்டும் உள்ள ஹீப், உச்சியில் அவற்றில் சிறியது. புது எண் அதைவிடப் பெரிதாக இல்லையென்றால் ஒரே ஒப்பீட்டில் தள்ளிவிடலாம். மோசமான நிலை பற்றிய பயமே கிடையாது.

இளவேனில்: மாறன், k = 10 என்பதால் அப்படிச் சொல்கிறீர்கள். k = 1,00,000 என்றால் ஹீப்பும் அந்த அளவுக்கு வளரும், log k சும்மா போகாது. குயிக்செலக்ட் சராசரியாக n-க்கு நேர்விகிதம். கயல், உங்கள் ரேண்டம் சரியாக வேலை செய்கிறதா பாருங்கள். ஏற்கெனவே வரிசையான அரேயில் கடைசி எண்ணையே பிவட்டாக எடுத்தால்தான் இப்படி ஆகும். பிவட் உண்மையில் ரேண்டம் என்றால் n² வர வாய்ப்பே இல்லை.

நிலா: 10-வது பெரியது என்றால் 100, 99, 98 என்று எண்ணி 91 தானே? `set` போட்டால் 101 எண்கள்தான் மிஞ்சும்.

கயல்: இல்லைங்க நிலா, ஒரே மதிப்பெண் திரும்ப வந்தால் அதையும் தனியாக எண்ண வேண்டும். இந்தத் தரவில் 1,50,000 பேருக்கு 100 இருக்கிறது, விடையும் 100தான். இளவேனில், `random.randint(lo, hi)` என்றுதான் எடுத்து, கடைசி இடத்துக்கு மாற்றுகிறேன். அச்சிட்டும் பார்த்தேன், இடம் மாறிக்கொண்டேதான் இருக்கிறது.

பொன்னி: கோளாறு அந்த 1,50,000 நூறுகளில்தான் இருக்கிறது. எந்த இடத்திலிருந்து எடுத்தாலும் மதிப்பு ஒன்றே என்றால், ரேண்டமாக எடுத்து என்ன பயன்?

சின்னதாகப் பாருங்கள்: ஆறு ஏழுகள், k = 2. நமக்கு வேண்டியது இடம் 4. `<` வைத்தால் எந்த ஏழும் பிவட்டைவிடச் சிறியதில்லை, அதனால் `i` நகராது, பிவட் இடம் 0-வில் போய் உட்காரும். அடுத்த சுற்றில் இடம் 1, அப்புறம் 2, 3, 4. ஐந்து சுற்று, 5+4+3+2+1 = 15 ஒப்பீடு. ஒவ்வொரு சுற்றிலும் கழிவது ஒரே ஒரு எண்.

உங்கள் தரவில் சிறிய எண்கள் சில சுற்றுகளிலேயே கழிந்துவிடும். மிஞ்சுவது முழுக்க நூறுகள். அங்கிருந்து ஏறக்குறைய 1,50,000 சுற்று, சுமார் 1,125 கோடி ஒப்பீடு. ஒவ்வொரு சுற்றிலும் `hi - lo`-வை அச்சிடுங்கள். பாதி பாதியாகக் குறையாமல் ஒவ்வொன்றாக இறங்கினால் இதுதான் நோய்.

இளவேனில்: ஒத்துக்கொள்கிறேன், சமமான எண்களை நான் யோசிக்கவில்லை. அப்போ `<=` என்று மாற்றினால் சரியாகிவிடுமே? பிவட் கடைசிக்குப் போகும், 10 சுற்றில் முடியும்.

பொன்னி: இந்த k-வுக்கு முடியும். நாளைக்கு எல்லாமே சமமாக இருக்கும் அரேயில் 10-வது சிறியதைக் கேட்டால் அதே பள்ளம் மறுபக்கம் திறக்கும். சிறியது, சமம், பெரியது என மூன்றாகப் பிரியுங்கள். `lt`, `gt` சமமானவற்றின் இரு எல்லைகள், `t = n - k`:

```python
if t < lt: hi = lt - 1
elif t > gt: lo = gt + 1
else: return a[t]
```

நூறு ஒரு முறை பிவட்டாக வந்தாலே விடை கையில்.

மாறன்: இவ்வளவு பாடு எதற்கு? ஹீப் அரேயைக் கலைப்பதுகூட இல்லை. எண்கள் ஒவ்வொன்றாக வந்தாலும் வேலை செய்யும்.

பொன்னி: k = 10-க்கு நானும் ஹீப்தான் போடுவேன். எண்கள் கலைந்து, எல்லாம் வெவ்வேறாக இருந்தால், 2,00,000-இல் ஹீப்புக்குள் நுழைபவை சராசரியாக 110-க்குள்தான். ஆனால் ஏறுவரிசையில் வந்தால் ஒவ்வொன்றும் நுழையும், ஒவ்வொன்றுக்கும் ஹீப்பைச் சரிசெய்ய வேண்டும். அதுதான் ஹீப்பின் மோசமான நாள். அப்போதும் n log k-யைத் தாண்டாது என்பது உண்மை.

இளவேனில்: நான் அடிக்கடி எடுப்பது நடுமதிப்பு. அங்கே ஹீப் எனக்குக் கட்டுப்படியாகவில்லை. உத்தரவாதம் வேண்டும் என்றால் 1973-இல் புளூம், ஃபிளாய்டு, பிராட், ரிவெஸ்ட், டார்ஜன் ஐவரும் தந்த வழி இருக்கிறதே, ஐந்தைந்தாகப் பிரித்து நடுமதிப்புகளின் நடுமதிப்பைப் பிவட்டாக வைப்பது?

பொன்னி: n²-ஐ அது அடியோடு நீக்கும், ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் பிவட் தேடவே நிறையச் செலவு. ரேண்டமில் தொடங்கி, சுற்றுகள் எல்லை மீறினால் மட்டும் அதற்கு மாறுவது என் பழக்கம்.

மாறன்: எல்லை மீறினால் ஹீப்புக்கு மாறலாமே.

கயல்: `hi - lo` அச்சிட்டேன்: 149999, 149998, 149997… மூன்றாகப் பிரித்ததும் நான்கே சுற்றில் முடிந்தது. ஆனால் எல்லையை எத்தனை சுற்று என்று வைப்பது?