பெரிய நெறிக்கட்டி ஏமாற்றியது, சின்னது ஒளிந்திருந்தது: அப்பாவின் சிடி ரிப்போர்ட்

பிறைக்காரி:

அப்பாவுக்கு 68 வயது. இருமல் இரண்டு மாதமாக நிற்கவில்லை. ஊசி போட்டு எடுத்த சதையில் நுரையீரல் புற்றுநோய் என்று உறுதியானது. அதற்கப்புறம் ஸ்டேஜ் பார்ப்பதற்காக மார்பும் வயிறும் சேர்த்து ஒரு சிடி எடுத்தார்கள். ரிப்போர்ட் கைக்கு வந்த நாளுக்கும் டாக்டரைப் பார்க்கும் நாளுக்கும் நடுவே நான்கு நாள் இடைவெளி. யாரால் சும்மா இருக்க முடியும்? சாப்பாட்டு மேசையிலேயே பிரித்துப் படித்தேன்.

வலது நுரையீரலின் மேல் மடலில் 34 மில்லிமீட்டர் கட்டி. மூச்சுக்குழாய்க்கு வலது பக்கம் 22 x 14 அளவில் ஒரு கணு, அதாவது நெறிக்கட்டி. இடது சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பியில் 16 மில்லிமீட்டர் முடிச்சு. இடது நுரையீரலில் 5 மில்லிமீட்டர் புள்ளி. கடைசி வரியில் `cT2a N2`, பக்கத்திலேயே `M1b` என்று போட்டு ஒரு கேள்விக்குறி. `T` கட்டியைச் சொல்வது, `N` கணுவை, `M` வேறு இடத்துக்குப் பரவியதை. தே தாரிக் தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. அப்பா நிமிராமல் "எத்தனாவது ஸ்டேஜும்மா?" என்று மட்டும் கேட்டார். கணு உண்மை என்றால் மூன்று, அட்ரினல் உண்மை என்றால் நான்கு என்பது அதற்குள் எனக்குத் தெரிந்திருந்தது. "எழுதவில்லை அப்பா" என்று பொய் சொன்னேன்.

செந்தூல் மச்சான்:

தங்கச்சி, மனசைத் தேற்றிக்கொள். கணு ஒரு சென்டிமீட்டரைத் தாண்டினால் அது புற்றுநோய்தான். உங்கள் அப்பாவுக்கு 22 இருக்கிறது. அட்ரினலும் சேர்ந்தால் நான்குதான். என் மாமாவுக்கும் இதேதான் எழுதியிருந்தார்கள், அப்படியே ஆயிற்று.

ஜாலான் ஈப்போ தாத்தா:

முப்பது வருடத்துக்கு மேல் இந்தப் படங்களைப் படித்துச் சம்பளம் வாங்கியவன், அதனால் குறுக்கே பேசுகிறேன். தம்பி சொன்னதில் பாதி சரி. கணு மொச்சைக்கொட்டை மாதிரி நீளவாக்கில் இருக்கும். நாங்கள் பார்ப்பது அதன் குறுகிய பக்கத்தை. ஆகவே இங்கே கணக்கு 22 அல்ல, 14. பத்தைத் தாண்டினால் "பெரிதாகியிருக்கிறது" என்று எழுதுவோம். அவ்வளவுதான் சிடிக்குத் தெரியும். ஏன் பெரிதானது என்பது அதற்குத் தெரியாது. நம் நாட்டில் காசநோய் இன்னும் இருக்கிறது. பழைய காசநோய், நிமோனியா, கல்தூசியில் வேலை என்று எது வேண்டுமானாலும் கணுவை வீங்க வைக்கும்.

இன்னொன்று. கட்டிக்குத்தான் அளவை வைத்து எண் கொடுப்பார்கள். 3 சென்டிமீட்டர் வரை 1, அதற்கு மேல் 5 வரை 2, அப்புறம் 7 வரை 3, அதையும் தாண்டினால் 4. கணுவுக்கு அப்படியில்லை, அது எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி. கட்டி இருக்கும் அதே பக்கத்தில், நுரையீரலின் வேர்ப்பகுதியில் இருந்தால் 1. நடு மார்புக்கு வந்துவிட்டால் 2. எதிர்ப்பக்கம் போனாலோ காறை எலும்புக்கு மேலே ஏறினாலோ 3. உங்கள் அப்பாவின் கணு மூச்சுக்குழாய் ஓரம், அதனால்தான் 2 போட்டிருக்கிறார்கள். அந்த எண்ணுக்கு முன்னால் இருக்கும் சின்ன `c` எழுத்தைப் பார்த்தீர்களா? சோதனைகளை வைத்துச் சொல்லும் முடிவு, அறுத்துப் பார்த்துச் சொன்னதல்ல என்று அர்த்தம்.

கெப்போங் லதா:

எனக்கும் நுரையீரலில் 4 மில்லிமீட்டர் என்று போன வாரம் ரிப்போர்ட் வந்தது. மூன்று சென்டிமீட்டருக்குள்தான் இருக்கிறது, அப்படியானால் எனக்கு ஸ்டேஜ் ஒன்றா?

ஜாலான் ஈப்போ தாத்தா:

இல்லை அம்மா. புற்றுநோய் என்று தெரிந்த பிறகுதான் ஸ்டேஜ் என்ற பேச்சே வரும். உங்களுடையது வெறும் புள்ளி, பெரும்பாலும் பழைய தழும்பாக இருக்கும். திரும்ப எடுக்க வேண்டுமா, எப்போது என்று டாக்டரைக் கேளுங்கள்.

பிறைக்காரி:

தாத்தா சொன்னது எங்கள் விஷயத்தில் எப்படி முடிந்தது என்று சொல்கிறேன்.

அட்ரினலுக்கு முதலில் மருந்து ஏற்றாத சிடி ஒன்று எடுத்தார்கள். அந்த முடிச்சின் அடர்த்தி 4 என்று வந்தது. பத்துக்குள் இருந்தால் உள்ளே கொழுப்பு நிறைய, பெரும்பாலும் தீங்கில்லாத கட்டி என்றார் டாக்டர். கதிரியக்கச் சர்க்கரை ஏற்றி எடுக்கும் பெட் ஸ்கேனிலும் அது ஒளிரவில்லை. கணுவோ பளிச்சென்று ஒளிர்ந்தது. எங்கள் வீட்டில் மறுபடி அழுகை.

டாக்டர் மட்டும் அசரவில்லை. "புற்றுநோய் இல்லாத வீக்கமும் பெட்டில் ஒளிரலாம். இதை வைத்து ஆபரேஷன் இல்லையென்று சொல்ல மாட்டேன்" என்றார். வாய் வழியாகக் கேமராக் குழாய் விட்டு, மூச்சுக்குழாய் சுவரைத் துளைத்து, அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே கணுவில் ஊசி போட்டார்கள். புற்றுநோய் செல் ஒன்றுகூட இல்லை. காசநோயில் வருவது மாதிரியான சிறு மணிகள் மட்டும் இருந்தன. கிருமி இருக்கிறதா என்று வளர்க்க அனுப்பினார்கள்.

செந்தூல் மச்சான்:

அட, அப்படியானால் என் மாமாவுக்கு யாரும் ஊசி போட்டுப் பார்க்கவே இல்லையே. படத்தை வைத்தே முடிவு சொல்லிவிட்டார்கள்.

ஜாலான் ஈப்போ தாத்தா:

மாமாவுக்குக் கல்லீரல், எலும்பு என்று வேறு இடங்களிலும் இருந்திருந்தால் கணுவைக் குத்துவதில் பயன் இல்லை. படத்தைப் பார்க்காமல் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

பிறைக்காரி:

கிருமி வளரவே இல்லை. அறுவைசிகிச்சையில் வலது மேல் மடலையும் சுற்றியிருந்த கணுக்களையும் எடுத்தார்கள். இரண்டு வாரம் கழித்து வந்த ரிப்போர்ட்டில் கட்டி 31 மில்லிமீட்டர். பெரியம்மா கீழாநெல்லிச் சாறு கொடுத்து வந்தார். 34 எப்படி 31 ஆயிற்று பார் என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஒரே கட்டியை இரண்டு பேர் அளந்தாலே இரண்டு மூன்று மில்லிமீட்டர் வித்தியாசம் வரும், வெட்டி எடுத்த சதை கொஞ்சம் சுருங்கவும் செய்யும் என்று டாக்டர் சொன்னதைப் பெரியம்மாவிடம் சொல்ல யாருக்கும் தைரியம் இல்லை.

ஆனால் நாங்கள் எதிர்பார்க்காதது அடுத்த வரியில் இருந்தது. பயமுறுத்திய 14 மில்லிமீட்டர் கணுவில் ஒன்றுமில்லை. வேர்ப்பகுதியில் 7 மில்லிமீட்டரில் ஒரு கணு, சிடியில் "அளவு இயல்பு" என்று ஒரே வரியில் போனது, அதற்குள் புற்றுநோய். பெட்டிலும் தெரியவில்லை. கடைசியில் `pT2a N1`, அதாவது இரண்டாம் நிலையின் பின்பாதி, IIB. `p` என்றால் அறுத்துப் பார்த்துச் சொன்ன முடிவு. மூன்றும் இல்லை, நான்கும் இல்லை, கணு சுத்தமாக இருந்திருந்தால் கிடைத்திருக்கும் முதல் நிலையும் இல்லை. அந்த ஒரு கணுவுக்காகத்தான் ஆபரேஷனுக்கு அப்புறம் கீமோ கொடுத்தார்கள்.

புக்கிட் மெர்தாஜாம் பையன்:

அக்கா, அந்த மணிகள் எதனால் வந்தன? காசநோய் இல்லை என்றால் வேறு என்ன?

ஜாலான் ஈப்போ தாத்தா:

சில நேரம் கட்டிக்கு எதிராக உடம்பே கணுவில் அப்படி மணிகளை உண்டாக்கும். கிருமி வளராத பழைய காசநோயாகவும் இருக்கலாம். இரண்டில் எது என்று நானும் சொல்ல மாட்டேன், டாக்டரும் சொல்லியிருக்க மாட்டார்.

பிறைக்காரி:

ஆமாம், சொல்லவில்லை. இடது நுரையீரலில் இருந்த 5 மில்லிமீட்டர் புள்ளிக்கும் இன்னும் பதில் இல்லை. அது ஊசியால் எடுக்க முடியாத அளவுக்குச் சின்னது. எதிர்ப்பக்க நுரையீரல் என்பதால் அது புற்றுநோயாக இருந்தால் அதுவே நான்காம் நிலை என்றார்கள். முதல் சிடிக்கும் ஆறு மாதம் கழித்து எடுத்த சிடிக்கும் வித்தியாசமில்லை. அடுத்தது செப்டம்பரில். இந்த முறை ரிப்போர்ட்டை அப்பாவே பிரிக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். கண்ணாடியை மட்டும் மறக்காமல் எடுத்துவரச் சொன்னார்.