10% ஃபிளாட்டா, 15% ரெட்யூசிங்கா: எது உண்மையில் குறைந்த வட்டி?

தவணைக்காரி:
வண்டிக் கடனுக்கு அலைந்தபோது நடந்தது. தேவை 1,20,000. இரண்டு வருடத்தில் அடைக்க வேண்டும். ஒரு இடத்தில் 10 சதவீதம் என்றார்கள், இன்னொரு இடத்தில் 15. பத்துதான் மலிவு என்று யாருக்குமே தோன்றும். ஆனால் கையெழுத்துப் போடுமுன் இரண்டு பேரிடமும் மாதத் தவணை என்ன என்று கேட்டேன். பத்து சதவீதக்காரர் 6,000 என்றார். பதினைந்து சதவீதக்காரர் 5,818 என்றார். அதே தொகை, அதே 24 மாதம், வேறு கட்டணமும் கிடையாது. வட்டி குறைவான இடத்தில் தவணை எப்படி அதிகமாகும் என்று கேட்டால், "எங்களுடையது ஃபிளாட் மேடம், அவர்களுடையது ரெட்யூசிங்" என்றதோடு சரி. நான் பதினைந்தையே எடுத்தேன். 24 தவணையில் 4,368 மிச்சம். இதே மாதிரி அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். உள்ளே என்ன கணக்கு ஓடுகிறது என்று தெரிந்தவர்களும் சொல்லுங்கள்.

இருசக்கரம்:
ரெட்யூசிங் என்றால் வட்டி விகிதம் மேலே கீழே போகும், ஜாக்கிரதை. நான் எப்போதும் ஃபிளாட்தான் எடுப்பேன். கடைசி வரை ஒரே தவணை, நிம்மதி.

பழைய காசாளர்:
இருசக்கரம் சார், நீங்கள் சொல்வது வேறு விஷயம். விகிதம் நடுவில் மாறுமா மாறாதா என்பது ஒரு கேள்வி. அந்த விகிதத்தை எந்தத் தொகையின் மேல் போடுகிறார்கள் என்பது இன்னொரு கேள்வி. ரெட்யூசிங்கிலும் விகிதம் கடைசி வரை மாறாமல் இருக்கலாம், தவணையும் ஒரே அளவாக இருக்கும். தவணைக்காரியின் 5,818 அப்படித்தான்.

வேறுபாடு இதுதான். ஃபிளாட்டில் முதல் நாள் வாங்கிய 1,20,000 மேல்தான் இரண்டு வருடமும் வட்டி. வருடம் 12,000, மொத்தம் 24,000. அசலோடு கூட்டி 24ஆல் வகுத்தால் 6,000. இதில் மாதம் 5,000 அசல், 1,000 வட்டி என்று அவர்கள் அட்டவணையிலேயே எழுதியிருக்கும். அந்த அட்டவணையின் கடைசி வரியைப் பாருங்கள். 23 தவணை கட்டியாயிற்று. உங்களிடம் மீதி இருக்கும் அவர்கள் பணம் 5,000தான். அதற்கு அந்த ஒரு மாத வட்டி 1,000. அதாவது மாதத்துக்கு 20 சதவீதம்! கல்லாவில் உட்கார்ந்திருந்த காலத்தில் இந்த வரியைக் காட்டித்தான் பலருக்குப் புரியவைப்பேன்.

ரெட்யூசிங்கில் ஒவ்வொரு மாதமும் மீதி அசலுக்கு மட்டும் வட்டி. 15 சதவீதம் என்றால் முதல் மாதம் 1,20,000க்கு 1,500. அடுத்த மாதம் கொஞ்சம் குறையும், கடைசி மாதம் நூறைக்கூடத் தொடாது.

கூட்டல்கழித்தல்:
இவ்வளவு யோசிக்க வேண்டாம். ஃபிளாட்டை இரண்டால் பெருக்கினால் உண்மை வட்டி வந்துவிடும். 10 என்றால் 20. எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் இப்படித்தான் பார்ப்போம்.

பழைய காசாளர்:
அவசரத்துக்கு உதவும், ஆனால் எப்போதும் கொஞ்சம் அதிகமாகக் காட்டும். அட்டவணைப்படி அசல் மாதம் 5,000 குறைகிறது என்று வைத்தால் சராசரிக் கடன் 62,500. அதற்கு வருடம் 12,000 வட்டி என்றால் 19.2 சதவீதம். அதுவும் சரியான விடை இல்லை. ஏனென்றால் அசல் நேர்கோட்டில் குறைவதாக எழுதுவது அவர்கள் வசதிக்கு. ஒரே விகிதத்தை மீதியின் மேல் போட்டுப் பார்த்தால், தொடக்கத் தவணைகளில் வட்டிப் பங்கு பெரிதாகவும் அசல் பங்கு சிறிதாகவும் வரும். அப்படிக் கணக்கிட்டால் 18.16 சதவீதம். கணினியில் விரிதாள் திறந்து இதைப் போடுங்கள்:

```
=RATE(24,-6000,120000)*12
```

0.1816 என்று வரும். பெருக்கல் முறை நீண்ட காலக் கடனில் இன்னும் தவறும். அதே 10 ஃபிளாட் ஐந்து வருடத்துக்கு என்றால் 17.27தான்.

கைமாற்று:
எனக்குத் தெரிந்தவரிடம் 10 வட்டிக்கு வாங்கினேன். மாதாமாதம் வட்டி மட்டும் கட்டினேன், அசலை இரண்டு வருடம் கழித்து மொத்தமாகக் கொடுத்தேன். அதுவும் ஃபிளாட்தானே? அப்படியானால் நானும் 18 கட்டினேனா?

பழைய காசாளர்:
இல்லை. முழு அசலும் கடைசி நாள் வரை உங்களிடமே இருந்தது. அதனால் 10 என்றால் 10தான். அசலைத் தவணையில் திருப்பிக் கொடுத்துக்கொண்டே முழுத் தொகைக்கும் வட்டி கட்டும்போதுதான் வித்தியாசம் வருகிறது.

நடுவழி:
என் கதை வேறு. தவணைக்காரி சொன்ன அதே 10 ஃபிளாட், அதே 1,20,000. ஒரு வருடம் ஒழுங்காகக் கட்டிவிட்டு மீதியை அடைக்கப் போனேன். பாதி காலம் முடிந்தது, 60,000 கொடுத்தால் போதும் என்று நினைத்தேன். அவர்கள் கேட்டது 72,000! மீதி 12 தவணையையும் அப்படியே கேட்கிறார்கள். அப்புறம் முன்கூட்டியே அடைத்து என்ன பயன்?

பழைய காசாளர்:
பணமாக ஒரு பயனும் இல்லை, சொல்லப்போனால் நஷ்டம். ஒரு வருடம் மட்டும் வைத்திருந்த பணத்துக்கு இரண்டு வருட வட்டி. அப்படிக் கட்டினால் உங்கள் கடனின் வட்டி 24 சதவீதத்தைத் தாண்டும். மெதுவாகத் தவணை கட்டினால் 18.16தான்.

ஆனால் 60,000மும் நியாயமான எண் இல்லை, நண்பரே. 18.16 கணக்கில் 12 தவணைக்குப் பிறகு மீதி சுமார் 65,390. முதல் வருடத் தவணைகளில் வட்டிப் பங்கு இரண்டாம் வருடத்தைவிட அதிகம், அதனால் அசல் பாதி குறையவில்லை. சில இடங்களில் மாத எண்களைக் கூட்டி வட்டியைப் பிரிக்கும் பழைய முறை உண்டு. 1 முதல் 24 வரை கூட்டினால் 300. மீதி 12 மாதத்துக்கு 1 முதல் 12 வரை கூட்டினால் 78. 24,000 வட்டியில் 300க்கு 78 பங்கு, அதாவது 6,240 தள்ளுபடி. அப்போது 65,760 வரும். ஒப்பந்தத்தில் முன்கூட்டியே அடைப்பது பற்றி என்ன எழுதியிருக்கிறது?

நடுவழி:
"நிலுவைத் தவணைகள் அனைத்தும்" என்று ஒரு வரி இருக்கிறது. தள்ளுபடி பற்றிப் பேச்சே இல்லை. 65,760 கணக்கை எழுதிக் கொடுத்திருக்கிறேன், பதில் இன்னும் வரவில்லை.

கூட்டல்கழித்தல்:
காசாளர் ஐயா, RATE போட்டால் 18.16. ஆனால் என் தம்பி 19.75 என்கிறான். எது சரி?

பழைய காசாளர்:
இரண்டும் ஒரே கடன்தான். மாத வட்டி 1.513. அதைப் பன்னிரண்டால் பெருக்கினால் 18.16. வட்டிக்கு வட்டியாக வருடம் முழுவதும் ஓட்டினால் 19.75. தவணைக்காரியின் 15ஐ அதே மாதிரி ஓட்டினால் 16.08. ஒன்றில் 19.75ஐயும் இன்னொன்றில் 15ஐயும் வைத்து ஒப்பிடுவதுதான் தப்பு.

கூட்டல்கழித்தல்:
வட்டிக்கு வட்டி சேர்த்ததுதான் உண்மை விகிதம் என்று அவன் ஒரே பிடிவாதம். நான் மாதாமாதம் கட்டிவிடுகிறேன், எங்கே சேர்கிறது என்று கேட்டால் பதில் இல்லை.

தவணைக்காரி:
எனக்கு ஒரு சந்தேகம். முதலில் கட்டணம் கிடையாது என்ற அந்தப் பத்து சதவீதக்காரர் கடைசியில் "கட்டணம் 3,000 பிடித்துக்கொண்டு தருவோம்" என்று இழுத்தார்.

பழைய காசாளர்:
அப்போது கையில் வருவது 1,17,000. விரிதாளில் 120000ஐ எடுத்துவிட்டு 117000 போடுங்கள், தவணையை மாற்றாதீர்கள். 20.8 வரும்.