ஓ.டி.எஸ். என்ற ஒருமுறைத் தீர்வு பேசி முடிக்கலாமா? ஜூனில் மகனுக்குக் கல்விக் கடன் வாங்க வேண்டும்

ஓட்டுப் பட்டறை, ஆத்தங்குடி

வணக்கம். ஆத்தங்குடியில் சிறிய ஓட்டுப் பட்டறை நடத்துகிறேன். தனியார் வங்கி ஒன்றில் அடமானம் இல்லாமல் 6 லட்சம் ரூபாய் தொழில் கடன் வாங்கினேன். 36 தவணை, மாதம் 21,692 ரூபாய். 17 தவணை தவறாமல் கட்டினேன். பழைய மாளிகை ஒன்றை விடுதியாக மாற்றும் வேலைக்கு மூன்று கூடத்துக்கு ஓடு கொடுத்தேன். ஒப்பந்தக்காரர் பணம் தராமல் இழுத்தடித்தார், தவணை நின்றுபோனது. இப்போது 14 மாதப் பாக்கி.

நேற்று வசூல் முகவர் தொலைபேசியில் பேசினார். 4,62,000 ரூபாய் நிலுவையாம். 2,30,000 கட்டினால் கணக்கு முடிந்துவிடுமாம், ஆனால் நாளை மாலைக்குள் கட்ட வேண்டுமாம். ஓடு விற்ற பணம் இரண்டரை லட்சம் கையில் இருக்கிறது. மகன் பிளஸ் டூ எழுதுகிறான். ஜூனில் பொறியியல் சேர்க்க வேண்டும். கல்விக் கடனில் நானும் கையெழுத்திட வேண்டுமே, இந்த ஓ.டி.எஸ். அதைக் கெடுக்குமா?

கண்டனூர்க்காரன்

அண்ணே, யோசிக்காமல் கட்டிவிடுங்கள். பாதி விலைக்குக் கடன் தீர்கிறது. சிபில் கடன் வரலாற்று அறிக்கையில் "Settled" என்று விழும், அவ்வளவுதான். ஏழு வருடத்தில் தானாக அழிந்துவிடும். அவசியம் என்றால் பிறகு எப்போதாவது மீதியைக் கட்டினால் "Closed" என்று மாற்றித் தருவார்கள்.

புதுவயல் விவசாயி

எனக்கும் இதேதான். கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க் கடன் பாக்கி இருக்கிறது. அரசு தள்ளுபடி வரும் என்கிறார்கள், ஓ.டி.எஸ். எல்லாம் எதற்கு? காத்திருப்பது நல்லது.

தேவகோட்டை ஓய்வூதியர்

புதுவயல் தம்பி, அது வேறு கதை. அரசின் பயிர்க் கடன் தள்ளுபடிக்கும் தனியார் வங்கியின் தொழில் கடனுக்கும் தொடர்பில்லை. இவர் காத்திருந்தால் வட்டிதான் வளரும்.

ஆத்தங்குடி அண்ணனுக்கு: வங்கியில் என் கடைசி ஒன்பது வருடம் வாராக் கடன் பிரிவில்தான் கழிந்தது. "நாளை மாலைக்குள்" என்பது வசூல் முகவரின் பஞ்சாங்கத்தில் தினமும் வருகிற நாள். அதற்காகப் பணம் கட்டாதீர்கள். முதலில் இரண்டு தாள்களைக் கையில் வாங்குங்கள்.

ஒன்று, வங்கியின் கணக்கு அறிக்கை. 4,62,000 என்றால் அதில் அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, அபராதமும் காசோலை திரும்பிய கட்டணமும் எவ்வளவு என்று பிரித்துப் பாருங்கள். 17 தவணை கட்டியிருந்தால் அசல் மூன்றரை லட்சத்தைச் சற்றுத் தாண்டித்தான் நிற்க வேண்டும். இன்னொன்று, உங்கள் கடன் வரலாற்று அறிக்கை. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். அதில் கடன் கொடுத்தவர் பெயரில் இன்னும் அதே வங்கிதான் இருக்கிறதா, வாராக் கடன்களை வாங்கும் சொத்து மறுசீரமைப்பு நிறுவனத்துக்குக் கடனை விற்றுவிட்டார்களா என்று பாருங்கள். விற்றிருந்தால் பேச வேண்டிய ஆள் வேறு.

ஓ.டி.எஸ். கேட்பது கடனாளியின் உரிமை அல்ல. பிஜ்னோர் நகரக் கூட்டுறவு வங்கி வழக்கில் 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. வங்கி மனம் வைத்தால்தான் உண்டு. ஆகவே முகவரின் பேச்சு உங்களைக் காப்பாற்றாது. வங்கியின் கடிதம் காப்பாற்றும். அதில் கடன் எண், தொகை, கட்ட வேண்டிய தேதி, தள்ளுபடி ஆகும் தொகை, கடன் வரலாற்று நிறுவனங்களுக்கு எந்தச் சொல்லில் தெரிவிக்கப்படும் என்ற ஐந்தும் இருக்க வேண்டும். கடைசியில் சொன்னதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.

கண்டனூர் தம்பி சொன்னதில் பாதி சரி. ஏழு வருடம் என்பது தகவலைக் குறைந்தது எவ்வளவு காலம் வைத்திருக்க வேண்டும் என்று விதி சொல்லும் கணக்கு. அந்த நாளில் தானாக அழிந்துவிடும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை. மீதியைக் கட்டினால் மாற்றித் தருவதும் வங்கியின் விருப்பம்தான்.

கானாடுகாத்தான் ஆச்சி

ஓய்வூதியர் ஐயா சொல்வது சரிதான், ஆனால் கண்டனூர் தம்பி சொன்னது எனக்கு நடந்தது. கடன் அட்டையில் 60,000 பாக்கிக்கு 38,000 கட்டி முடித்தேன். ஆறு வருடம் கழித்து வீட்டுக் கடனுக்கு என் வீட்டுக்காரரோடு சேர்ந்து விண்ணப்பித்தபோது "Settled" என்ற ஒரு சொல்லுக்காக மேலாளர் கோப்பைத் திருப்பிக் கொடுத்தார். மீதி 22,000-ஐக் கட்டி நிலுவை இல்லை என்ற சான்றிதழ் வாங்கினேன். அதன் பிறகும் அறிக்கை மாறவில்லை. இரண்டு மாதம் கடிதம் எழுதித்தான் மாறியது. நகையை வைத்தாவது ஒரேயடியாக முடித்துவிடுங்கள், பின்னால் தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலை மிச்சம்.

ஓட்டுப் பட்டறை, ஆத்தங்குடி

ஓய்வூதியர் ஐயா சொன்னபடி செய்தேன். கிளையில் "எங்களுக்கு அதிகாரம் இல்லை" என்றார்கள். வசூல் பிரிவின் மின்னஞ்சலுக்கு எழுதினேன். எட்டு நாள் கழித்துப் பதில் வந்தது. முகவர் சொன்ன 2,30,000 வங்கிப் பதிவிலேயே இல்லை! அசல் 3,56,000, வட்டி 79,000, அபராதமும் மற்ற கட்டணமும் 27,000.

இரண்டு வழி சொல்கிறார்கள். 2,60,000 கட்டினால் ஓ.டி.எஸ்., அறிக்கையில் "Settled". இல்லையென்றால் 27,000-ஐ மட்டும் தள்ளிவிடுவார்கள். 4,35,000 கட்டினால் "Closed" என்று தெரிவிப்பார்கள். வித்தியாசம் 1,75,000 ரூபாய். கையில் இருக்கும் இரண்டரை லட்சத்தோடு மீதிக்கு மனைவியின் நகையை வைக்க வேண்டும். ஒரு சொல்லுக்கு அவ்வளவு விலை கொடுக்கலாமா?

கண்டனூர்க்காரன்

2,30,000 என்று சொன்னவர் அந்தப் பணத்தை என்ன செய்வதாக இருந்தாராம்? நான் கட்டச் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன், அண்ணே.

தேவகோட்டை ஓய்வூதியர்

அவர் மோசடிக்காரராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. முதலில் முன்பணம் வாங்கிக்கொண்டு, பிறகு மேலிடத்தில் அனுமதி கேட்பவர்களும் உண்டு. அனுமதி கிடைக்காவிட்டால் நீங்கள் கட்டியது வட்டியில் வரவாகிவிடும். அதனால் யாருடைய யு.பி.ஐ. எண்ணுக்கும் அனுப்பாமல், கடன் கணக்கிலேயே செலுத்துங்கள்.

இப்போது உங்கள் கேள்வி. மகனின் கடனை மட்டும் வைத்துப் பார்த்தால் "Closed" ஒரு மந்திரக்கோல் அல்ல. அறிக்கையில் கடைசி 36 மாதத்தின் கட்டும் வரலாறு மாதவாரியாக இருக்கும். நீங்கள் நாளையே முழுவதும் கட்டினாலும் அந்த 14 மாதத் தாமதம் ஜூனில் கண்ணுக்குத் தெரியும். 90 நாள் தாண்டியபோதே கணக்கு வாராக் கடன் ஆகியிருக்கும். வித்தியாசம் எங்கே என்றால், "Closed" என்றால் தாமதித்தாலும் பணம் திரும்பியது என்று அடுத்த வங்கி படிக்கும். "Settled" என்றால் ஒருவருக்கு நஷ்டம் வந்தது என்று படிக்கும். முதலாவது மாதங்கள் ஓட ஓட மங்கும். இரண்டாவது அப்படியே நிற்கும்.

இன்னொன்றும் இருக்கிறது. ரிசர்வ் வங்கியின் 2023 ஜூன் விதிப்படி, ஓ.டி.எஸ். போன்ற சமரசத் தீர்வு செய்துகொண்டவருக்கு அதே வங்கி குறைந்தது 12 மாதம் புதிய கடன் தரக் கூடாது. மற்ற வங்கிகளை அந்தத் தடை கட்டுப்படுத்தாது, ஆனால் அறிக்கையை அவர்களும் பார்ப்பார்கள். எனவே 2,60,000 வழியில் போனால், மகனின் கடனுக்காக அந்த வங்கிக் கதவை இப்போதைக்குத் தட்ட முடியாது.

நகை வைப்பது பற்றி: ஆண்டுக்கு 10 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால் 1,75,000-க்கு 17,500 ரூபாய் ஆகும். பட்டறை ஓடுகிறது, ஓராண்டில் மீட்டுவிடலாம் என்றால் நான் "Closed" பக்கம்தான். ஒப்பந்தக்காரரின் பணம் வராதா என்ற நம்பிக்கையில் மட்டும் நகையை வைத்தால், நகையும் போய்விடும்.

கானாடுகாத்தான் ஆச்சி

கல்விக் கடனில் தாயும் கூட்டுக் கடனாளியாகக் கையெழுத்திடலாமே? உங்கள் வீட்டுக்காரம்மாவின் பெயரில் பாக்கி ஏதும் இல்லையென்றால் விண்ணப்பத்தில் அவர் பெயரைப் போடுங்கள்.

தேவகோட்டை ஓய்வூதியர்

ஆச்சி சொன்னது நல்ல வழி. ஆனால் அவருக்கு வருமானம் இல்லையென்றால் சில மேலாளர்கள் தந்தையையும் சேர்க்கச் சொல்வார்கள். வங்கிக்கு வங்கி வேறுபடும், விண்ணப்பித்துத்தான் பார்க்க வேண்டும். தொழில் கடனில் அவர் இணைக் கடனாளியாகவோ உத்தரவாதமாகவோ கையெழுத்திட்டாரா என்று பழைய ஒப்பந்தத்தைப் பாருங்கள். கையெழுத்திட்டிருந்தால் அவர் அறிக்கையிலும் இதே கறை இருக்கும்.

ஓட்டுப் பட்டறை, ஆத்தங்குடி

பார்த்தேன். கையெழுத்து என்னுடையது மட்டும்தான். வீட்டில் பேசியாகிவிட்டது, 4,35,000 வழிக்கே போகிறோம். நகையில் 1,75,000 எடுத்தேன், கையில் இருந்த ஓட்டுப் பணம் இரண்டரை லட்சத்தையும் போட்டேன். இன்னும் 10,000 குறைந்தது. அதற்கு ஆக்சைடு வாங்க வைத்திருந்த பணமும் போய்விட்டது. கடிதத்தில் "Closed" என்ற சொல் முதலில் இல்லை. "கணக்கு முடிக்கப்படும்" என்று மட்டும் இருந்தது. இரண்டு முறை திருப்பி அனுப்பிய பிறகு மூன்றாவது கடிதத்தில் வந்தது. பணம் கட்டி, சான்றிதழும் கையில் வந்துவிட்டது. ஆனால் 25 நாள் ஆகியும் சிபில் அறிக்கையில் பழைய நிலுவையே காட்டுகிறது. முகவர் வேறு இன்னும் அழைக்கிறார்.

தேவகோட்டை ஓய்வூதியர்

முகவருக்குச் சான்றிதழின் படத்தை அனுப்பி, இனி எழுத்தில் மட்டும் பேசச் சொல்லுங்கள். காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் அழைக்க அவருக்கு அனுமதியே இல்லை.

அறிக்கை விஷயத்தில், இன்றே சிபிலின் தளத்தில் திருத்தக் கோரிக்கை பதிவு செய்து, அதே கடிதத்தை வங்கிக்கும் அனுப்புங்கள். பதிவு செய்த தேதி முக்கியம். அன்றிலிருந்து 30 நாளில் தீர்க்காவிட்டால் நாள் ஒன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உங்களுக்குத் தர வேண்டும். அதன் பிறகும் இழுத்தால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கடன் வரலாற்று நிறுவனங்களும் 2022 முதல் அவர் வரம்பில் இருக்கின்றன. மற்ற மூன்று நிறுவனங்களின் அறிக்கையையும் எடுத்துப் பாருங்கள். ஒன்றில் திருத்தி இன்னொன்றில் விட்டுவிடுவது உண்டு. எந்த வங்கி எதைப் பார்க்கும் என்று முன்கூட்டியே தெரியாது.

ஓட்டுப் பட்டறை, ஆத்தங்குடி

இன்று கோரிக்கை பதிவு செய்துவிட்டேன். மற்ற மூன்றில் ஒன்றில் மட்டும் "Closed" ஏறியிருக்கிறது. கல்விக் கடன் விண்ணப்பத்தை மனைவியின் பெயரில் காரைக்குடியில் கொடுக்கப் போகிறோம். என்ன சொல்கிறார்கள் என்று இங்கே எழுதுகிறேன்.

புதுவயல் விவசாயி

ஐயா, என் பயிர்க் கடனுக்கும் அந்த அறிக்கையை எடுத்துப் பார்க்க வேண்டுமா?