புதுப்பிப்பு: பவானி கடைப் பலகையில் இருந்த அந்த எழுத்து

போன வாரம் நான் கேட்டது: "பவானியில் ஒரு பழைய ஜமக்காளக் கடைப் பலகையில் 'ஒரே வி'க்கு அப்புறம் சுருண்ட கொம்போடு ஓர் எழுத்து, அது என்ன?"

நேற்று மறுபடி போனேன். வெயில் சாயும் நேரத்தில் பக்கவாட்டில் நின்று பார்த்தால், நிறம் போன இடத்திலும் பெயிண்டின் மேடு நிழலாகத் தெரிகிறது: ல, அதோடு ஒட்டித் தும்பிக்கை மாதிரி ஒரு வளைவு. இங்கே ஒருவர் கிரந்தம் என்றார். பழையது என்றவரை சரி, கிரந்தம் இல்லை. எதிர்க்கடையில் உட்கார்ந்திருந்த வயதான பெயிண்டர், "அது லைங்க தம்பி, 'ஒரே விலை', பேரம் கிடையாது" என்றார். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் ணை, லை, ளை, னை எல்லாம் இப்படித்தான். அப்போ பலகை அதற்கு முந்தையதா என்றேன். "கை பழகிப்போச்சுங்க, அப்புறமும் ரொம்ப வருசம் அப்படியேதான் எழுதுனேன்." ஆக, எழுத்தை வைத்து வருடம் சொல்ல முடியாது. ஜமக்காளம் என்ன விலை என்று கேட்டவருக்கு: கடை பூட்டியிருந்ததுங்க.