r = 0.895 வந்தும் 'வலுவான ஒட்டுறவு' என்று எழுதினால் தப்பா?

தாமரை_11பி: x பயிற்சி செய்த மணி, y சரியாகப் போட்ட கணக்குகள். அட்டவணை (1, 5), (2, 3), (3, 5), (4, 3), (10, 14). கோடு ŷ = 1.36 + 1.16x, r = 0.895. வலுவான நேர் ஒட்டுறவு என்று எழுதினேன், மிஸ் பக்கத்தில் கேள்விக்குறி போட்டுவிட்டார். எங்கே தப்பு?

பெஞ்ச்_கடைசி: தப்பே இல்லை. 5 ஜோடிக்கு 5% மட்டத்தில் அட்டவணை மதிப்பு 0.878, உன்னுடையது அதைத் தாண்டிவிட்டது. மிஸ்ஸிடம் போய் மார்க் கேள்.

கோடுபோடுபவர்: அவசரப்படாதீங்க. கணக்கு சரிதான், நானும் போட்டுப் பார்த்தேன்: சராசரி 4, 6, விலகல்களின் பெருக்கல் கூட்டுத்தொகை 58, x பக்கம் 50, y பக்கம் 84. ஆனால் அந்த 58-இல் 48 எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள், (10, 14) என்ற ஒரே புள்ளியிலிருந்து (6 × 8). அதை விரலால் மறைத்துவிட்டு மிச்சம் நாலுக்கு மட்டும் போட்டால் சரிவு −0.4, r சுமார் −0.45. குறியே திரும்பிவிடுகிறது! மிஸ் கேள்விக்குறி போட்டது இதற்காகத்தான் இருக்கும்.

நந்து: எனக்கும் இப்படித்தான் ஆச்சு, 0.9 வந்ததால் 90% சரியாகக் கணிக்கும் என்று எழுதி வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

கோடுபோடுபவர்: அது வேறு சிக்கல் நந்து. வர்க்கப்படுத்தினால் 0.80, அதாவது y-இன் ஏற்ற இறக்கத்தில் 80% அளவு கோட்டோடு போகிறது, அவ்வளவுதான். இங்கே அந்த 80-ஐயும் நம்ப முடியாது.

பெஞ்ச்_கடைசி: அந்தப் புள்ளி அவ்வளவு மோசம் என்றால் கோட்டிலிருந்து தள்ளி நிற்க வேண்டாமா? 10-க்குக் கோடு சொல்வது 12.96, உண்மை 14, எச்சம் வெறும் 1.04. நாலாவது புள்ளிக்குத்தான் −3.

கோடுபோடுபவர்: நல்ல கேள்வி, பலரும் சறுக்குவது இங்கேதான். x-இல் தனியாக ஒதுங்கி நிற்கும் புள்ளி கோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது, அப்புறம் அதன் எச்சம் சின்னதாகத்தானே இருக்கும்? எச்சத்தை மட்டும் பார்த்தால் குற்றவாளி நல்லவன் மாதிரி தெரிவான். சிதறல் வரைபடம் போட்டால் ஒரே பார்வையில் தெரியும், இடது கீழ் மூலையில் நாலும் குவிந்து கிடக்கும், ஒன்று மட்டும் மேலே தூரத்தில். உங்கள் 0.878-க்கும் இது கண்ணில் படாது, அது r-ஐ மட்டும்தான் பார்க்கிறது.

தாமரை_11பி: அப்போ அந்தப் புள்ளியை நீக்கிவிட்டு எழுதணுமா?

கோடுபோடுபவர்: பிடிக்கவில்லை என்பதற்காக நீக்கக்கூடாது. 10 மணி என்பது எழுத்துப்பிழையா என்று முதலில் பார். உண்மை என்றால் இரண்டு முடிவையும் எழுதி, 4-க்கும் 10-க்கும் நடுவில் தரவே இல்லை என்றும் சொல்லிவிடு.

பெஞ்ச்_கடைசி: பரீட்சையில் அவ்வளவு எழுத இரண்டு மார்க் கேள்வியில் இடம் எங்கே சார்? உண்மையிலேயே ஒருவன் 10 மணி உட்கார்ந்து 14 போட்டிருந்தால், அதிகம் படிப்பவனைப் பற்றி நம்மிடம் இருக்கும் ஒரே தகவல் அவன்தான். அவனைச் சந்தேகிப்பது எனக்கு இன்னும் நியாயமாகப் படவில்லை.